பதினாறுக்கு இருபது: சாய்ந்து தொங்கிய சட்டத்தில் ஒரு படத்தை மாற்றியது

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் மலையாளத்திலும் பேசுவார்கள். குறை சொல்லும்போது மட்டும் எல்லாரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள் என்பது என் அனுபவம். சென்ற ஆண்டு வேலந்தாவளம் பக்கம் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் படம் எடுத்தோம். ஆல்பத்தின் மாதிரிப் பக்கங்களைப் பார்க்க வந்த வீட்டுப் பெரியம்மா, குடும்பப் படத்தில் சுவரில் தொங்கிய சட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“தம்பி, இது எங்கள் ஐயன் இல்லை. ஐயனுக்கு ஒட்டிய கன்னம்.”

ஐயன் என்று அவர் சொன்னது தன் அப்பாவை. நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை, தெளிவாக இருந்தது, சட்டத்துக்குள் நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருந்தது. ஆனாலும் பெரியம்மா சொன்னது சரி. ஏன் சரி என்று கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. அந்த அரை நாளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூடத்தில் பதினொரு பேர் நிற்கிறார்கள். இடது பக்கச் சுவர் கேமராவுக்கு அருகில் தொடங்கி, வலப்பக்கமாக உள்ளே ஓடுகிறது. அந்தச் சுவரில், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய ஐயனின் படம். ஈரம் ஏறிக் கண்ணாடிக்குள் பால் கலங்கியது போல வெளுத்துப்போய், வெள்ளிப்பூச்சி அரித்து, முகமே தெரியவில்லை. பெட்டியில் கிடந்த வேறொரு படத்தைக் கொடுத்து, “சட்டத்துக்குள் இதை வைத்துவிடுங்கள்” என்றார்கள். நாற்காலியில் முழு உருவமாக ஐயன் அமர்ந்திருக்கும் 4×6 அச்சு அது. குடும்பப் படம் 24 மி.மீ. லென்ஸில் எடுத்தது, 6000×4000 பிக்சல். ஆல்பத்தில் 12×18 பக்கம் முழுவதும் அது வரும். அந்தப் பக்கத்தில் சட்டத்தின் உள்ளகலம் கிட்டத்தட்ட 1.8 அங்குலம். முகம் சரியில்லை என்றால் கண்ணில் படுகிற அளவுதான்.

வேலையைச் செய்தவன் எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு வருடமாக இருக்கும் தம்பி. கை சுத்தமானவன். அவன் செய்தது இதுதான்: திரையில் சட்டத்தின் உள்பக்கத்தை அளந்தான். அகலம் சுமார் 620 பிக்சல், உயரம் சுமார் 910. வகுத்தால் 0.68. கையில் இருக்கும் 4×6 படத்தின் விகிதம் 0.67. “அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது, அண்ணா” என்று அன்றே என்னிடம் சொன்னான். நானும் தலையாட்டினேன். படத்தை அப்படியே எடுத்து, ஃபோட்டோஷாப்பில் `Edit > Transform > Distort` கொடுத்து, நான்கு மூலைகளையும் சட்டத்தின் நான்கு மூலைகளுக்கு இழுத்துவிட்டான்.

பெரியம்மா திருப்பிக் கொடுத்ததும், கருவிதான் தவறு என்று நினைத்து `Edit > Perspective Warp`-க்குப் போனான். படத்தைச் சுற்றி நாற்கட்டம் வரைந்து, `Warp` நிலைக்கு மாற்றி, நான்கு முளைகளையும் அதே மூலைகளுக்குக் கொண்டுபோனான். அதே முகம் வந்தது. வேறு எப்படி வரும்? செவ்வகத்தின் நான்கு மூலைகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டால், நேர்கோட்டை நேர்கோடாகவே வைத்திருக்கும் மாற்றம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. எட்டு எண்கள் கொடுக்கிறோம், எட்டு எண்களில் அது முடிந்துபோகிறது. `Distort` ஆனாலும், ஒற்றை நாற்கட்டத்தில் `Perspective Warp` ஆனாலும், கிம்ப்பில் `Perspective` கருவி ஆனாலும் கணக்கு அதுதான். `Perspective Warp` இரண்டு சுவர் சந்திக்கும் கட்டடம் போன்றவற்றை நிமிர்த்தும்போதுதான் தன் வேலையைக் காட்டும். ஒற்றைச் சட்டத்துக்கு நான் `Distort`-ஐயே எடுப்பேன், மூலையைக் கையால் வரைய வேண்டிய தொல்லை இல்லை.

இந்த மாற்றத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் பொருத்திவிடும். சதுரத்தைக் கொடுத்தாலும் சரி, ரயில் டிக்கெட் போல நீளமானதைக் கொடுத்தாலும் சரி, ஓரம் நான்கும் ஒட்டி உட்காரும். “விகிதம் தப்பு” என்று அது ஒருபோதும் சொல்லாது. ஓரம் பொருந்தியதை வைத்து வேலை முடிந்தது என்று முடிவு செய்தால் ஏமாந்தோம்.

நான் சந்தேகத்தைத் தீர்க்கச் செய்தது, போன வழியிலேயே திரும்பி வருவது. தம்பி முடித்த படத்தை எடுத்து, `Perspective Crop` கருவியில் சட்டத்தின் உள்மூலைகள் நான்கையும் தொட்டேன். அகலம், உயரம் கேட்கும் கட்டங்களில் என்ன போடுவது? அங்கேதான் கை நின்றது. சட்டத்தின் உண்மையான அளவு எங்கள் யாருக்கும் தெரியாது. திரையில் பார்த்த 0.68 என்பது சாய்வாகப் பார்த்த அளவு. சுவர் உள்ளே ஓடும்போது அகலம் சுருங்குகிறது, உயரம் அவ்வளவாகச் சுருங்குவதில்லை. ஆகவே உண்மையில் சட்டம் 0.68-ஐவிட அகலமாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு அகலம்?

வீட்டுக்குப் போன் செய்து, அளவு நாடா வைத்துப் பார்க்கச் சொன்னேன். மரத்தை விட்டுவிட்டு, கண்ணாடி தெரியும் இடத்தை மட்டும் அளக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். பதினாறுக்கு இருபது என்றார்கள். ஆக 0.8.

1600, 2000 என்று கட்டங்களில் போட்டு வெட்டினேன். சட்டம் நேராக நிமிர்ந்து என் முன்னால் நின்றது, அதற்குள் உருண்டை முகத்தோடு ஐயன். பக்கத்தில் மூலப் படத்தை வைத்தால் வேறு ஆள். 0.667 விகிதப் படத்தை 0.8 விகிதச் சட்டத்தில் விரித்தால், அகலவாக்கில் 1.2 மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு சதை கூடிவிட்டது.

நாங்கள் இருவரும் முதலில் ஏன் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் எனக்குச் சுவையான பகுதி. சாய்ந்த சுவரில் தொங்கும் படத்தில் முகம் ஒடுங்கித்தான் தெரிய வேண்டும். இந்தக் கோணத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. தம்பியின் படத்தில் 1.2 மடங்கு விரிந்து, பின் 0.85 மடங்கு ஒடுங்கி, கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று என்று வந்து நின்றது. அதாவது, பக்கவாட்டில் பார்க்க வேண்டிய முகம் நேரே பார்த்த முகம் போல இருந்தது. மூலப் படத்தில் பார்த்துப் பழகிய முகம் என்பதால் எங்களுக்கு அது ‘சரியாக’ப் பட்டது. ஐயனை முன்பின் நேரில் பார்த்திராத எங்களுக்குத்தான் அப்படி. மகளுக்கு, சட்டம் சாய்ந்திருக்கிறது, அப்பா சாயவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவர் கன்னத்தின் மேல் வைத்துச் சொன்னார்.

மடிக்கணினித் திரைக்குள் படம் வைப்பது என்றால் இந்தத் தொல்லை குறைவு. திரையின் விகிதம் பெரும்பாலும் 16:9 அல்லது 16:10. மாடலைப் பார்த்தால் தெரிந்துவிடும், 1920×1080 அல்லது 1920×1200 என்று வைத்து வேலையைத் தொடங்கலாம். இரண்டையும் மாற்றிப் போட்டாலும் எழுத்து பதினொரு விழுக்காடு உப்பும் அல்லது பத்து விழுக்காடு ஒடுங்கும், ஆகவே அங்கேயும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். வீட்டுச் சட்டத்துக்கு அப்படி எந்த ஒழுங்கும் கிடையாது. கடைக்காரர் கையில் இருந்த கண்ணாடிக்கு ஏற்ப வெட்டியிருப்பார். நாடா கிடைக்காவிட்டால், அதே சுவரில், அதே தளத்தில் சதுரமான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். வெட்டாத மூலக்கோப்பும் லென்ஸின் குவியத்தூரமும் இருந்தால், நான்கு மூலையிலிருந்தே விகிதத்தைக் கணக்கிடவும் முடியும். ஆனால் போன் செய்வது எளிது.

அளவு கிடைத்ததும் அடுத்த சிக்கல். 4×6 படத்தை 4×5 ஆக வெட்டினால் ஒரு பங்கு உயரம் போகும். மேலே தலைக்கு மேல் இடம் இல்லை, கீழே வெட்டினால் பாதம் போய்விடும். பெரியம்மாவிடம் கேட்டேன். “பாதத்தை வெட்டிவிட்டு எதைக் கும்பிடுவது?” என்றார். அதன் பிறகு பேச்சே இல்லை.

ஆகவே மவுண்ட் வைத்தோம். 16×20 சட்டத்தில் 12×18 படத்தை நடுவில் வைத்தால் விகிதம் சிதையாது, சுற்றி வெள்ளை அட்டை. இரு பக்கமும் இரண்டு அங்குலம், மேலும் கீழும் ஓர் அங்குலம். 1600×2000 பிக்சலில் புதுக் கோப்பு, அங்குலத்துக்கு நூறு பிக்சல். நடுவில் 1200×1800 அளவில் படம். சட்டம் திரையில் 910 பிக்சல் உயரம்தான் வருகிறது, ஆகவே இரு மடங்கு தாராளமாகவே இருக்கிறது. அதைவிடப் பெரிதாக வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சிறிதாக வைத்து இழுத்தால்தான் மங்கும். கோப்பை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிக்கொண்டு `Distort` செய்தால், நாளை மறுபடி `Ctrl+T` அழுத்தும்போது மூலைகள் வைத்த இடத்திலேயே நிற்கும். சாதாரண லேயராக இருந்தால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் படம் ஒரு படி கெடும்.

மூலைகளைக் குறிக்கும் முன் லென்ஸின் வளைவை எடுத்துவிட வேண்டும். அகல லென்ஸில் சட்டத்தின் ஓரம் லேசாக வில்லாக வளைந்திருக்கும். ஓரத்தின் இரு முனைக்கும் ஒரு நேர்கோடு போட்டுப் பார்த்தால், நடுவில் இரண்டு மூன்று பிக்சல் விலகல் தெரியும். நேர்கோட்டை வளைக்க `Distort`-க்குத் தெரியாது.

பிறகு மூலைகள். இதில் தம்பி ஒரு தவறு செய்திருந்தான், அது முகத்தில் தெரியாமல், உற்றுப் பார்த்தபோது சட்டத்தின் ஓரத்தில் தெரிந்தது. மேல் இடது மூலையைச் சந்தன மாலை மறைத்திருந்தது. மறைந்த மூலைக்கு, பக்கத்தில் இருந்த கதவு நிலையின் கோட்டைப் பார்த்துச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து ஊகித்திருந்தான். சுவரும் சட்டமும் ஒரே தளத்தில் இருந்தால் அந்த ஊகம் சரி. ஆனால் நம் வீடுகளில் பெரியவர்கள் படம் சுவரோடு ஒட்டியா தொங்குகிறது? கீழே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, மேலே கம்பியில் முன்னால் சாய்ந்து, கும்பிடுகிறவரைக் குனிந்து பார்ப்பது போல இருக்கும். இதுவும் அப்படித்தான், ஏறத்தாழ பத்து டிகிரி. சுவரைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்த முன்சாய்வு படத்தில் பக்கச்சாய்வாக மாறிவிடுகிறது. கதவு நிலை நிமிர்ந்து நிற்க, சட்டத்தின் இரு பக்கமும் மேலே போகப் போக வலப்புறமாக ஏழு டிகிரி சாய்ந்திருந்தது.

சரியான வழி, சட்டத்தை அதன் சொந்தக் கோடுகளாலேயே பிடிப்பது. இடது ஓரத்தில் மாலைக்குக் கீழே தெரியும் பகுதியில் ஒரு கோடு வைத்து மேலே நீட்ட வேண்டும். மேல் ஓரத்தில் மாலைக்கு வலப்புறம் தெரியும் பகுதியில் இன்னொரு கோடு வைத்து இடப்பக்கம் நீட்ட வேண்டும். இரண்டும் வெட்டும் இடம்தான் மூலை. மூலை உருண்டையான புது மடிக்கணினித் திரைகளுக்கும் இதுவே வழி. மரத்தின் வெளிமூலையை எடுக்கக் கூடாது. அது கண்ணாடியைவிட முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது, வேறு தளம்.

எனக்குக் கிடைத்த நான்கு மூலைகள் மேல் இடதிலிருந்து வலச்சுற்றாக (2150, 522), (2734, 766), (2628, 1611), (2028, 1482). கையால் இழுத்ததைச் சரிபார்க்க, அதே எண்களை இமேஜ்மேஜிக்கிலும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன்:

```
magick iyan.png -alpha set -virtual-pixel transparent \
  -define distort:viewport=6000x4000+0+0 \
  -distort Perspective \
  "0,0 2150,522 1600,0 2734,766 1600,2000 2628,1611 0,2000 2028,1482" \
  sattam.png
```

ஒவ்வொரு இணையிலும் முதலில் இருப்பது புதுப் படத்தின் மூலை, அடுத்தது குடும்பப் படத்தில் அது போய்ச் சேர வேண்டிய இடம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து `Difference` போட்டால் கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. கை சரி.

இன்னொரு சோதனையும் உண்டு, இதற்குக் கணினிக் கணக்கே வேண்டாம். மூலைவிட்டம் இரண்டை வரைந்தால் அவை வெட்டும் புள்ளி படத்தின் நடு. இங்கே அது (2404, 1101). நான்கு மூலைகளின் சராசரியை எடுத்தால் (2385, 1095) வரும். பத்தொன்பது பிக்சல் வித்தியாசம். உண்மையான நடு எப்போதும் தூரத்து ஓரத்தின் பக்கம் தள்ளித்தான் இருக்கும். `Skew`, `Scale` என்று கலந்து இழுத்தோ, `Warp` வலையை வைத்து ஓரத்தை மட்டும் ஒட்டியோ செய்த படங்களில் நடு இந்த இடத்தில் விழாது. மூக்கு பக்கவாட்டில் நகர்ந்தது போல, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். ஐயனின் படத்தில் நடுக்கோடு வேட்டி முடிச்சின் மேல் போகிறது. புள்ளியும் அங்கேயே விழுந்தது.

மவுண்ட் வைத்ததைப் பார்த்துத் தம்பி மறுபடி மவுஸை எடுத்தான். “அண்ணா, இடது பக்க வெள்ளை அதிகமாக இருக்கிறது, சமமாக்கிவிடட்டுமா?” அளந்து பார்க்கச் சொன்னேன். நடு உயரத்தில் இடப்பக்கம் 83 பிக்சல், வலப்பக்கம் 66. இரண்டும் அதே இரண்டு அங்குலம்தான். அவன் சமமாக்கியிருந்தால், பெரியம்மா இந்த முறை படம் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

இத்துடன் வடிவம் முடிந்தது. ஆனால் இந்த நிலையில் படத்தைப் பார்த்தால், கண்ணாடியை எடுத்துவிட்டு அட்டையை ஒட்டியது போல இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் எதுவும் முழுக் கறுப்பாக இருக்காது, கூடத்தின் வெளிச்சம் அதன் மேல் படிந்திருக்கும். பழைய படத்தில் ஐயன் அணிந்திருந்த கறுப்புக் கோட்டைக் கண் சொட்டுக் கருவியால் தொட்டேன், 255-க்கு 40 அளவில் இருந்தது. புதுப் படத்திலும் `Curves`-இல் கறுப்பின் கீழ்முனையை 40-க்கு உயர்த்தினேன். ஜன்னலின் பிரதிபலிப்பு ஒரு வெளிறிய பட்டையாகக் கோட்டின் மேல் விழுந்திருந்தது. அந்தப் பகுதியைக் குடும்பப் படத்திலிருந்து நகலெடுத்து, `Levels`-இல் கீழ்ப் பகுதியை நசுக்கி, பட்டை மட்டும் மிஞ்சும்படி செய்து, `Screen` முறையில் மேலே வைத்தேன். அந்தப் பட்டை சுவரின் கோணத்தை யாரும் சொல்லாமலே காட்டிக்கொடுக்கிறது. பழைய படம் வெளுத்திருந்த இடங்களில் பிரதிபலிப்பையும் வெளுப்பையும் பிரிக்க வழியில்லை. அங்கே தூரிகையால் தொட்டுத் தொடர்ந்ததுதான்.

சட்டத்தின் உள்விளிம்பு கண்ணாடியைவிடக் கால் அங்குலம் முன்னால் நிற்கிறது. நாம் இடப்பக்கத்திலிருந்து பார்ப்பதால் இடது விளிம்பு கண்ணாடியின் ஆறேழு பிக்சலை மறைக்கும். படத்தை மரத்தின் ஓரத்தோடு நிறுத்தாமல், அதற்கு அடியில் போகும்படி விட்டு, மாஸ்க்கால் மறைக்க வேண்டும். மேலே இருந்த டியூப் லைட்டால், மேல் விளிம்பின் நிழல் மவுண்ட்டின் மேல் மெல்லிய கோடாக விழும். `Multiply` லேயரில் அதைத் தடவினேன். மாலைக்கு இன்னொரு மாஸ்க். சந்தனச் சீவல் ஒவ்வொன்றுக்கும் இடையில் பின்னால் உள்ள படம் எட்டிப்பார்ப்பதால், முழு வேலையிலும் அதிக நேரம் தின்றது அதுதான்.

கடைசியாகக் கூர்மை. புதுப் படம் கத்தி போல இருந்தது. சட்டமோ முன்னால் நின்றவர்களுக்கு ஃபோகஸ் வைத்ததால் சற்று மங்கல். மரத்தின் ஓரத்தையும் படத்தின் ஓரத்தையும் 200 விழுக்காட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1.2 பிக்சல் `Gaussian Blur` போதும் என்று நிறுத்தினேன். சுவரில் இருந்த அளவுக்கு மணல் போன்ற இரைச்சலும் சேர்த்தேன். மங்கலாக்கிய பின்தான் இரைச்சலைச் சேர்க்க வேண்டும். முன்னாலேயே சேர்த்தால் அதுவும் மங்கிப்போகும்.

புதுப் பக்கத்தைப் பெரியம்மா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முகம் ஒடுங்கித்தான் இருந்தது, முன்பைவிடச் சிறிதாகவும் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பி, அடுத்த படத்தில் தன் மருமகளின் சேலை நிறத்தைக் குறை சொல்லத் தொடங்கினார். ஐயனின் படத்தில் ஒரு பிழை இன்னும் இருக்கிறது. மாலையின் நிழல் கண்ணாடிக்குள் மவுண்ட்டின் மேல் விழ வேண்டும், நான் போடவில்லை. ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன்.